பெற்றோரின் மருத்துவப் பதிவுகள்: பிள்ளையின் கணக்கிலா, அவரவர் கணக்கிலா?

2009இல் இடம்பெயர்ந்தபோது அப்பாவின் சத்திரசிகிச்சைக் குறிப்பு தொலைந்துபோனது. இன்றும் ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும் அதை வாயால்தான் சொல்கிறார். ஆகவே, கடந்த ஆண்டு கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கிளினிக் கொப்பிகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் கூகுள் டிரைவில் சேர்க்கத் தொடங்கினேன். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன: என் கணக்கிலேயே பெற்றோருக்குக் கோப்புறைகள் திறப்பது, அல்லது அவரவர் பெயரில் கணக்குத் திறந்து, அவர்கள் சம்மதித்ததை மட்டும் பிள்ளைகளோடு பகிர்வது. மருத்துவமனை தரும் சுகாதார எண்ணின் கீழ் அங்கே பதிவாகியிருப்பவற்றை எங்களால் வீட்டிலிருந்து திறக்க முடியாததால், அந்த எண்ணைக் கோப்புறையின் பெயரோடு எழுதிவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் வழி இலகுவானது. ஒரே கடவுச்சொல் போதும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடமும் காகிதங்களுக்குத் தாராளம். மூன்று மாதம் அப்படித்தான் செய்தேன். பின்னர் ஒரு நாள், பிரஷர் கிளினிக் கொப்பியை என்னிடம் தந்த அம்மா, பெண்கள் கிளினிக் காகிதத்தை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "இது நீ பாக்கிற காகிதம் இல்லை, தம்பி" என்றார். என் கணக்கில் நான் பார்க்காத இடம் என்று ஒன்று இல்லை. இரண்டாவது வழிக்கு மாறியதற்கு அதுவே காரணம்.

மாறியபோதுதான், கோப்புறை யாருடையது என்பதும் அதற்குள் இருக்கும் கோப்பு யாருடையது என்பதும் வெவ்வேறு என்பதைக் கற்றுக்கொண்டேன். அம்மாவின் கணக்கில் கோப்புறை திறந்து, எனக்கு `Editor` அனுமதி கொடுத்து, காகிதங்களை என் தொலைபேசியிலிருந்தே ஏற்றிவந்தேன். பின்னர் ஓர் அறிக்கையின் விபரத்தைத் திறந்து பார்த்தால் `Owner` என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பகிர்ந்த கோப்புறைக்குள் எவர் ஏற்றுகிறாரோ அந்தக் கோப்பு அவருக்கே உரியதாகிறது. அம்மா நாளை என் அனுமதியை நீக்கினாலும் அவருடைய இரத்தப் பரிசோதனை என் கையில்தான் இருக்கும், நான் என் கணக்கை மூடினால் அதுவும் சேர்ந்து போகும். ஆதலால் எல்லாவற்றையும் அம்மாவின் தொலைபேசியில், அவருடைய கணக்கிலேயே திரும்ப ஸ்கான் செய்து ஏற்றினோம். இப்போது நான் வெறும் `Viewer`. தனியாக வைக்கவேண்டிய காகிதங்களுக்குரிய கோப்புறையைப் பகிர்ந்த கோப்புறைக்குள் அல்லாமல் வெளியே வைத்தோம், ஏனெனில் பகிர்ந்ததற்குள் வைப்பவை வழமையாகத் தாமாகவே பகிரப்பட்டுவிடும்.

இந்த வழியின் உண்மையான பாரம் சாவியைக் காப்பதுதான். அப்பாவின் கணக்கைத் திறந்தபோது அவசரத்தில் அண்ணாவின் இலக்கத்தைக் கொடுத்திருந்தோம். அண்ணா கனடாவுக்குப் போனார். ரீலோட் செய்யாத சிம் செயலிழந்தது. அப்பாவின் தொலைபேசி கிணற்றடித் தொட்டிக்குள் விழுந்தபோது, புதிய தொலைபேசியில் நுழைவதற்கான குறியீடு யாருக்கும் கிடைக்காத அந்த இலக்கத்துக்கே போனது. என் மின்னஞ்சலை மீட்பு முகவரியாகச் சேர்த்திருந்ததால் ஒருவாறு தப்பினோம். அதன்பின் அப்பாவின் சொந்த இலக்கத்தைப் பதிந்தோம். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளையும் தாளில் எழுதிக் காணி உறுதியோடு ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தோம். ஒவ்வொரு குறியீடும் ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும். பயன்படுத்தியதை வெட்டிவிட வேண்டும். இரண்டு ஆண்டுகள் எவரும் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதையும் மறக்கக்கூடாது. கிளினிக்குக்குப் போய்வரும் வீட்டில் அந்த அச்சம் குறைவு.

சம்மதத்தை மீளப்பெறுவதற்கும் எல்லை உண்டு. அப்பா தன் சிறுநீரக அறிக்கையை அண்ணாவுக்குப் பகிர்ந்து, பின்னர் "அவன் அங்க இருந்து யோசிச்சு நித்திரை கொள்ளமாட்டான்" என்று `Remove access` அழுத்தச் சொன்னார். அழுத்தினோம், ஆனால் அதற்கு முன்பே அண்ணா தரவிறக்கியிருந்த பிரதி அவரிடம் இருந்தது.

பெற்றோரின் நினைவு மங்கும் காலத்தில் இது எப்படி நடக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. பார்க்கும் அனுமதி அப்படியே தொடரும். புதிய காகிதத்தைச் சேர்ப்பதும் அனுமதியை மாற்றுவதும்தான் நின்றுவிடும். நீண்ட காலம் பயன்படாத கணக்கின் தரவை நாம் குறித்த ஒருவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு கூகுளில் உண்டு. ஆனால் அதற்குக் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், திடீரெனப் பக்கவாதம் வந்தவரின் வீட்டுக்கு அது உதவாது. தொலைபேசியைத் தொடவே மறுக்கும் பெற்றோர் உள்ள வீட்டில் முதல் வழியே நடைமுறைக்கு ஒத்துவரக்கூடும்.

எங்கள் வீட்டில் இப்போது கிளினிக்கால் வந்ததும் அம்மாவே கொப்பியை முற்றத்து வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார். பெண்கள் கிளினிக் காகிதம் என்றால் தங்கச்சியைக் கூப்பிடுகிறார்.