ஜெர்மனிக்கு மூன்று வருஷமாகப் பணம் அனுப்புகிறேன்: ரேட், கட்டணம் பார்த்த அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மகள் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறாள். மூன்று வருஷமாக அவளுக்குப் பணம் அனுப்பி வருகிறேன்: வங்கிக் கிளை வழியாக, அந்நியச் செலாவணி நிறுவனத்தின் செயலி வழியாக, இன்னொரு வங்கியின் ஆன்லைன் வழியாக. மூன்றிலும் அடிபட்டிருக்கிறேன்.

முதல் அடி 18 யூரோ. அவள் வீடு பிடித்து, அட்வான்ஸ் 1,500 யூரோ கட்ட வேண்டும் என்றாள். நான் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கே போய், வீட்டுக்காரர் கணக்கு எண்ணைக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "அப்பா, 1,482தான் வந்திருக்காம். மீதியைக் கட்டினாத்தான் சாவியாம்." கிளையில் கேட்டால், "நாங்க 1,500 முழுசா அனுப்பிட்டோம் சார்" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

நம் வங்கிக்கும் அங்குள்ள வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால், பணம் நடுவில் ஒரு வங்கி வழியாகப் போகிறது. அந்த இடைவங்கி தன் கூலியைப் போகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தக் கூலி யார் தலையில் என்பதை நாம்தான் படிவத்தில் சொல்ல வேண்டும். SHA என்று இருந்தால் வழியில் பிடிப்பது வாங்குபவர் பாடு. OUR என்றால் எல்லாம் நம் பாடு. இங்கேயே தனியாக ஒரு தொகை வாங்கிவிடுவார்கள். என் படிவத்தில் SHA என்று டிக் போட்டிருந்தது. நான் போடவில்லை, படிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், பணம் அனுப்பச் சொல்லி நம் வங்கி அனுப்பும் சுவிஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். புதிய வடிவ நகல்களில் இதே விஷயம் SHAR, DEBT என்று இருக்கும். DEBT என்பதுதான் பழைய OUR.

இரண்டாவது, "கட்டணம் இல்லை" என்ற விளம்பரம். எங்கள் தொழிலில் இருப்பவனே இதில் ஏமாந்தது எனக்கே வெட்கம். கொலுசுக்குக் கூலி இல்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னால், சேதாரத்தில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார், டச் என்ன, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கே சேதாரம் ரேட்டுக்குள் இருக்கிறது. சந்தையில் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை ஒன்று. நமக்குச் சொல்லும் விலை அதைவிடக் கூட. கூகுளில் தெரிவது ஏறக்குறைய அந்தச் சந்தை விலை. அந்த விலைக்கு யாரும் நமக்குத் தர மாட்டார்கள், ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு வெளியிடும் குறிப்பு விலையும் அதற்கு உதவும். டாலர், பவுண்ட், யூரோ, யென் எல்லாம் அதில் உண்டு.

பேங்க் போர்டில் யூரோவுக்கு நாலைந்து விலை இருக்கும். நோட்டாக வாங்கும் விலையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நமக்கு வேண்டியது டி.டி. செல்லிங் ரேட், அதாவது கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்ப வங்கி நமக்கு விற்கும் விலை.

சரி, கணக்குக்கு வருவோம். சுலபமாக இருக்கட்டும் என்று சந்தை விலை யூரோவுக்கு 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அனுப்ப வேண்டியது 1,500 யூரோ. பணமாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. இந்தத் தொகைக்கு எங்கே போனாலும் 230 ரூபாய் வாக்கில் வரும். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிளையில் ரேட் 102.20, கட்டணம் வரியோடு 590. என் கணக்கில் போனது 1,54,118 ரூபாய். அங்கே சேர்ந்தது 1,482. வகுத்தால் யூரோ 103.99.

செயலியில் கட்டணம் இல்லை, ரேட் 103. போனது 1,54,729. சேர்ந்தது முழு 1,500. யூரோ 103.15.

ஆன்லைன் வங்கியில் ரேட் 101.20, கட்டணம் வரியோடு 1,180, OUR போட 1,200. போனது 1,54,407, சேர்ந்தது 1,500. யூரோ 102.94.

ரேட்டை மட்டும் பார்த்திருந்தால் கிளை செயலியைவிட மலிவு. கட்டணத்தை மட்டும் பார்த்திருந்தால் செயலிதான் முதல். கணக்கிலிருந்து போன மொத்த ரூபாயை, அங்கே போய்ச் சேர்ந்த யூரோவால் வகுக்க வேண்டும். பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வருஷமாக இந்த ஒரு எண்ணைத்தான் எழுதி வருகிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆன்லைன் வங்கியில் 2,380 ரூபாய் நிலையான செலவு; 100 யூரோ அனுப்பினாலும் அதேதான். செயலியில் நிலையான செலவு இல்லை, ஆனால் யூரோவுக்கு 1.80 ரூபாய் கூட. 2,380-ஐ 1.80-ஆல் வகுத்தால் 1,322. அதற்குக் கீழே செயலி மலிவு, அதற்கு மேலே வங்கி. மகளுக்குத் திடீரென 200 யூரோ வேண்டுமென்றால் நான் இன்றைக்கும் செயலியில்தான் அனுப்புகிறேன்.

அதனால் மாதச் செலவை மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பத் தொடங்கினேன். மேலே சொன்ன விலையில் 4,500 யூரோவை வங்கி வழியாக ஒரே தடவை அனுப்பினால் 4,58,280 ரூபாய். செயலியில் மாதாமாதம் 1,500 என்றால் 4,64,187. கிட்டத்தட்ட 5,900 ரூபாய் வித்தியாசம். இதில் ஒரு பிடி இருக்கிறது: அடுத்த இரண்டு மாதமும் அனுப்பும் சமயத்தில் யூரோ இரண்டு ரூபாய் இறங்கியிருந்தால் இந்த லாபம் போய்விடும். ஏறினால் இரட்டை லாபம். அது நம் கையில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

தொகை பெரிதானபோது கிளையிலும் ஒரு முறை வாய்விட்டுக் கேட்டேன். "ஸ்பெஷல் ரேட் கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்றதும் அவர் மேலிடத்துக்குப் போன் போட்டு 60 பைசா குறைத்துத் தந்தார். கேட்டிருக்காவிட்டால் போர்டு விலைதான். காலையில் ஒட்டிய போர்டு விலையையும் மாலையில் செயலியில் தெரியும் விலையையும் ஒப்பிடாதீர்கள். எல்லாவற்றையும் பத்து நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும். சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும், அதனால் பாதுகாப்புக்கென்று கொஞ்சம் ஏற்றியே சொல்வார்கள். நான் அந்த நாட்களில் அனுப்புவதில்லை.

கடைசியாக டி.சி.எஸ். பற்றி, அதாவது வெளிநாட்டுக்கு அனுப்பும்போதே வங்கி நம்மிடம் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணில் 10 லட்சம் ரூபாய் வரை இது கிடையாது. 2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 7 லட்சமாக இருந்தது. தாண்டினால், எந்தக் காரணக் குறியீட்டில் அனுப்புகிறோம் என்பது முக்கியம். வெளிநாட்டுப் படிப்புக்கு S0305, குடும்பப் பராமரிப்புக்கு S1301. பராமரிப்பு என்று போட்டால் வரம்புக்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதம் பிடிப்பார்கள். படிப்புக்கு அதைவிட மிகக் குறைவு. வங்கிக் கல்விக் கடன் பணம் என்றால் பிடிப்பதே இல்லை. கவுண்டரில் "மகளுக்குத்தானே" என்று கேட்டு S1301 போட்டுவிட வாய்ப்பு உண்டு. மகள் அங்கே படிக்கிறாள் என்பதற்குக் கல்லூரிக் கடிதத்தைக் காட்டி S0305 கேட்டு வாங்கினேன். பிடித்த பணம் வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், அதனால் அதை நான் யூரோக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வெள்ளி வாங்க வேண்டிய பணம் மாதக்கணக்கில் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் 10 லட்சத்தை நெருங்கியதும், மீதியை மனைவி தன் சேமிப்புக் கணக்கிலிருந்து தன் பான் எண்ணில் அனுப்பினார்.