மூன்று வருட விமர்சன சானல்: கிளெய்ம், பின்னணி இசை, ஒன்பது நொடி

சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் என் வீட்டு அறையிலிருந்து தமிழ்ப் பட விமர்சன சானல் ஒன்றை மூன்று வருடமாக நடத்துகிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரியில் எடிட் செய்வதுதான் வழக்கம். சந்தாதாரர்கள் அதிகமில்லை, ஆனால் விளம்பர வருமானம் வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இந்த மூன்று வருடத்தில் யூடியூபின் காப்பிரைட் கருவிகளோடும், சந்தா கட்டி வாங்கும் ஒரு இசை நூலகத்தோடும் பழகிய அனுபவம் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நானே ஒரு வருடம் அதில்தான் கிடந்தேன். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது பெரும்பாலும் Content ID என்ற தானியங்கி முறை செய்வது. உரிமையாளர் கொடுத்து வைத்திருக்கும் ஒலி, ஒளி மாதிரிகளோடு நம் வீடியோவை அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகலாம், வீடியோ சில நாடுகளில் மறைக்கப்படலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவர்கள் கவனிக்கலாம். சானலுக்கு அதனால் கெட்ட பெயர் இல்லை. ஸ்ட்ரைக் வருவது, உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லி எழுதி, வீடியோ தூக்கப்படும்போது. அது 90 நாள் நிற்கும். அதற்குள் மூன்று சேர்ந்தால் சானலே போய்விடும். முதல் கிளெய்ம் வந்த அன்று 'சானல் போச்சு' என்று நினைத்து நான் நாலு வீடியோக்களை அழித்துவிட்டேன். அழித்திருக்கவே வேண்டாம்.

சரி, நடந்த கதைக்கு வருகிறேன். ஒரு படத்தின் பின்னணி இசையைப் பற்றியே ஒரு விமர்சனம் போட்டேன். நீளம் 11 நிமிடம். அதில் டிரெய்லரிலிருந்து இரண்டு இடங்களில் துண்டுகள் இருந்தன. ஒன்று ஆரம்பத்தில் 23 நொடி. நான் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் டிரெய்லர் ஓடும், இசையும் மெல்லக் கேட்கும். இன்னொன்று நடுவில் 9 நொடி. அங்கே நான் பேச்சை நிறுத்திவிட்டு, "இந்த இடத்தில் வயலின் நின்றதும் தவில் மட்டும் கேட்கிறது, கவனியுங்கள்" என்று சொல்லி ஓடவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்றினேன், சனிக்கிழமை காலையில் இரண்டு இடத்துக்கும் கிளெய்ம் வந்துவிட்டது. 11 நிமிடத்தில் 32 நொடிதான், ஆனால் மொத்த வீடியோவின் வருமானமும் இசை உரிமையாளர் பக்கம் திரும்பியிருந்தது. "30 நொடிக்குள் போட்டால் பிரச்சினை இல்லை" என்று ஒருவர் விடாமல் எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது.

எனக்கு முதலில் உறைத்தது, மாட்டியது படம் இல்லை, ஒலிதான் என்பது. நம் குரலுக்கு அடியில் மெதுவாகப் போனாலும் இசையை Content ID கண்டுபிடித்துவிடுகிறது. சுருதியைக் கொஞ்சம் ஏற்றுவது, படத்தை இடவலம் திருப்பிப் போடுவது போன்ற வித்தைகளும் சுற்றுகின்றன. சில நாள் தப்பலாம். ஆனால் ஏமாற்றத்தான் செய்தோம் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். "எங்களுக்கு உரிமை இல்லை, மன்னிக்கவும்" என்று விளக்கப் பகுதியில் எழுதுவதாலும் பயனில்லை.

அந்த வார இறுதியில் சிங்கப்பூர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இங்கே இப்போது இருப்பது 2021-ஆம் ஆண்டின் காப்பிரைட் சட்டம், அந்த வருடம் நவம்பர் 21 முதல் பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தது. நியாயமான பயன்பாடு என்பதற்கு அது நாலு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக, எந்த விதத்தில் பயன்படுத்தினோம் (வியாபார நோக்கமா என்பதும் இதில் அடக்கம்), எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தோம், அதனால் மூலப் படைப்பின் சந்தைக்கோ மதிப்புக்கோ என்ன பாதிப்பு. விமர்சனமென்றால் யாருடைய படைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை வைத்து என் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தேன்.

9 நொடியில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இசையைப் பற்றித்தான் பேசுகிறேன், அதைக் கேட்காமல் நான் சொல்வது புரியாது, தேவைக்கு மேல் ஒரு நொடிகூட எடுக்கவில்லை, படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் திரையில் இருக்கின்றன. அந்த 9 நொடியைக் கேட்டுவிட்டு யாரும் பாட்டு வாங்காமல் இருக்கப்போவதில்லை. 23 நொடிதான் உறுத்தியது. அங்கே நான் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரை காலியாக இருக்கக் கூடாதே என்று போட்டது, அலங்காரம். அதை நியாயமான பயன்பாடு என்று வாதாட எனக்கே மனம் வரவில்லை.

அதனால் இரண்டையும் வேறுவேறு வழியில் கையாண்டேன். 23 நொடியைச் சரிசெய்ய யூடியூப் ஸ்டூடியோவுக்குள் மூன்று வழிகள் உண்டு: அந்தப் பகுதியை வெட்டுவது, பாட்டை மாற்றுவது, பாட்டை மட்டும் அமைதியாக்குவது. வெட்டினால் என் பேச்சும் சேர்ந்து போய்விடும். மாற்றினாலும் அந்த இடத்து மூல ஒலி போய் நூலகப் பாட்டு வந்து உட்காரும். மூன்றாவதுதான் பேச்சை விட்டுவிட்டு இசையை மட்டும் எடுக்கப் பார்க்கும். பல மணி நேரம் ஓடியது. மறுநாள் பார்த்தால் இசை போயிருந்தது, என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கொஞ்சம் கரகரத்தது. பரவாயில்லை, அந்தக் கிளெய்ம் நீங்கிவிட்டது.

9 நொடிக்கு ஆட்சேபம் பதிவு செய்தேன். இதில் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் ஆட்சேபித்தால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் தனியாக ஒதுக்கி வைக்கப்படும், கடைசியில் யார் பக்கம் முடிகிறதோ அவர்களுக்குப் போகும். 5 நாள் தாண்டினால் ஆட்சேபித்த தேதியிலிருந்துதான் ஒதுக்குவார்கள். விமர்சன வீடியோவுக்குக் கூட்டம் வருவதே படம் வெளியான முதல் வாரத்தில்தான், அதனால் இந்த 5 நாள்தான் உண்மையான காலக்கெடு. திங்கட்கிழமை அனுப்பினேன். எழுதியது ஆறு வரி. எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, அங்கே நான் எதை விமர்சிக்கிறேன், ஏன் அதைக் கேட்க வைக்காமல் சொல்ல முடியாது என்பது மட்டும். சட்ட வார்த்தைகளை அள்ளிப் போடவில்லை.

எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். 26-ஆம் நாள் "கிளெய்மை உறுதி செய்கிறோம்" என்று ஒரு வரி வந்தது, காரணம் ஏதுமில்லை. இங்கேதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், அது முட்டாள்தனமும் இல்லை. அடுத்த படி மேல்முறையீடு. அதில் நம் தொடர்பு விவரங்கள் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர்கள் 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விட்டுக்கொடுக்கலாம், அல்லது நீக்கும்படி சட்டக் கோரிக்கை அனுப்பலாம். அனுப்பினால் வீடியோ போய் ஸ்ட்ரைக் விழும். தள்ளிவைத்த நீக்கம் என்று அனுப்பினால், 7 நாளுக்குள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்று ஸ்ட்ரைக்கைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. எப்போதும் அப்படியே அனுப்புவார்கள் என்று நம்பிவிட முடியாது. ஸ்ட்ரைக் விழுந்தபின், நீக்கியது தவறு என்று எதிர்மறுப்பு கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நாமும் அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்வதாக அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒன்பது நொடி தவிலுக்கு இவ்வளவு தூரமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சானலில் வேறு ஸ்ட்ரைக் எதுவும் அப்போது இல்லை. ஒன்று விழுந்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மேல்முறையீடு செய்தேன். ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரைக் இருந்திருந்தால் கண்டிப்பாகச் செய்திருக்க மாட்டேன், அந்த 9 நொடியையும் அமைதியாக்கிவிட்டுப் போயிருப்பேன். 7 நாள் யாரும் பதில் சொல்லவில்லை. கிளெய்ம் தானாகக் காலாவதியானது. அதை வைத்துச் சட்டப்படி நான் சரி என்று யாரும் தீர்ப்பு சொல்லிவிடவில்லை. அந்தத் தானியங்கி முறைக்கு நியாயமான பயன்பாடு என்றால் என்னவென்றே தெரியாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம், நாங்கள் அங்கே போகவில்லை, அவ்வளவுதான்.

இசை நூலகத்தைப் பற்றி. அறிமுக இசைக்கும் முடிவு இசைக்கும் மாதம் 20 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டுகிறேன். சானலை அவர்களிடம் பதிந்து வைத்தால் கிளெய்ம் வராது என்பது ஏற்பாடு. பெரும்பாலும் அப்படியே நடந்தது. ஒரே ஒரு தடவை, நான் இறக்கிய அதே தாளத் துண்டை வேறு யாரோ தங்கள் பாட்டில் போட்டு, அந்தப் பாட்டை Content ID-இல் பதிந்துவிட்டார்கள். என் வீடியோவுக்குக் கிளெய்ம் வந்தது. உரிமம் இருக்கிறது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழ் எண்ணும் இறக்கிய தேதியும் எழுதினேன், நாலு நாளில் விடுவித்தார்கள். பாட்டை இறக்கும்போதே சான்றிதழையும் அதே கோப்புறையில் போட்டு வைக்கும் பழக்கம் அன்று காப்பாற்றியது.

அந்த நூலகத்தில் மாட்டியது என் தப்பால்தான். தேக்காவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு விளம்பர வீடியோ செய்து கொடுத்தேன். அவர் கடைப் பக்கத்தில் ஏற்றியதும் சத்தம் போய்விட்டது. என் திட்டம் என் சானலுக்கு மட்டும்தான், அடுத்தவருக்குச் செய்யும் வேலைக்கு வேறு திட்டம் வாங்கியிருக்க வேண்டும். நிபந்தனையில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இன்னொன்று: என் நூலகத்தில் சந்தா இருக்கும்போது வெளியிட்ட வீடியோவுக்குச் சந்தா முடிந்தாலும் உரிமம் நிற்கும். ஆனால் சந்தா முடிந்தபின் அதையே திருத்தி மறுபடி ஏற்றினால் அது புது வீடியோவாகிவிடும்.

அதே கடையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. படப்பிடிப்பின்போது பின்னால் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, நாங்க காம்பஸுக்கு வருஷா வருஷம் காசு கட்டுறோம், பயப்படாதே" என்றார் அண்ணன். காம்பஸ் என்பது இங்கே இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமக் கட்டணம் வாங்கும் சங்கம். அவர் கட்டுவது கடையில் வாடிக்கையாளர்கள் கேட்கும்படி பாட்டை ஒலிக்கவிட. அதை வீடியோவுக்குள் பதிவு செய்து உலகத்துக்குக் காட்டுவது வேறு உரிமை. அதிலும் பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் ஒருவர், பதிவு செய்த ஒலிக்கு இன்னொருவர் என்று இரண்டு உரிமை. அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஒலிபெருக்கியை அணைத்தார். இப்போது கடைகளில் எடுப்பதென்றால் காலையில் கடை திறக்கும் முன்பே போய், கல்லில் தோசை வார்க்கும் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்கிறேன்.

விமர்சன வீடியோக்களில் டிரெய்லர் துண்டுகளை ஒலி இல்லாமல்தான் போடுகிறேன், என் பேச்சு அந்தக் காட்சியைப் பற்றியே இருக்கும் இடங்களில் மட்டும். ஏற்றும்போது வெளியிடுவதற்கு முன்பே வரும் காப்பிரைட் சோதனையை முடியவிட்டுத்தான் வெளியிடுவேன், அதற்காக வியாழக்கிழமை ராத்திரியே ஏற்றி வைத்துவிடுகிறேன். அந்த 9 நொடி வீடியோவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் இரண்டாம் மாதம் வந்து சேர்ந்தது. 14 வெள்ளி. தேக்காவில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டோம், கடை அண்ணன் பாட்டை மறுபடி போட்டிருந்தார்.