நியூயார்க்கா, கலிபோர்னியாவா, ஃப்ளோரிடாவா: ஃபார்ம் டி முடித்தவர் எங்கே உரிமம் வாங்குவது?

என் ஜூனியர் ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, உரிமத்துக்கு நியூயார்க்கில் 1040 மணி நேரப் பயிற்சிதானாமே, பேசாமல் அங்கேயே போய்விடட்டுமா?" அவள் கணவருடன் இருப்பது கலிபோர்னியாவில். அங்கே 1500 மணி நேரம் கேட்கிறார்கள். ஃப்ளோரிடாவில் 2080. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால் முறையே 26 வாரம், முப்பத்தேழரை வாரம், ஒரு முழு வருடம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், மூன்றிலும் கடைசியாகப் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அதற்கு முன் வாசல். மூன்று மாநிலங்களிலும் வழக்கமான வழி, வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்களுக்குத் தரும் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ்தான். 2003 ஜனவரி 1 முதல் பட்டம் வாங்கியவர்களுக்குக் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு வேண்டும். நம் ஊர் நான்கு வருட பி.ஃபார்ம் இங்கேயே நின்றுவிடும். மேலே எம்.ஃபார்ம் படித்திருந்தாலும் அந்த வருடங்களைக் கூட்டிக் காட்ட முடியாது. ஆறு வருட ஃபார்ம் டி தாண்டிவிடும். பி.ஃபார்ம் மட்டும் கையில் இருப்பவர்கள் கனடா பக்கம் பார்க்கலாம், அங்கே அதை மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, வாசல் தாண்டியாயிற்று. மருந்தாளுநர் உரிமத்துக்கான நேப்ளெக்ஸ் தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. வித்தியாசம் சட்டத் தேர்வில்தான். நியூயார்க்கும் ஃப்ளோரிடாவும் எம்.பி.ஜே.இ. வைக்கின்றன: 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம். பெயர் ஒன்றானாலும் மாநிலத்துக்கு மாநிலம் தாள் வேறு. எது மத்தியச் சட்டம், எது மாநிலச் சட்டம் என்று கேள்வியில் சொல்ல மாட்டார்கள்.

ஓர் உதாரணம். ஜனவரி 5 தேதியிட்ட, பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்ப்ரஸோலம் மருந்துச் சீட்டு, 30 நாள் மாத்திரை, ஐந்து ரீஃபில். நோயாளி பிப்ரவரி 20 அன்றுதான் முதல் முறையாகக் கொண்டுவருகிறார். மத்தியச் சட்டப்படி ஆறு மாதம் வரை, ஐந்து ரீஃபில் வரை கொடுக்கலாம். ஃப்ளோரிடாவிலும் அப்படியே. கலிபோர்னியாவிலும் இன்று கொடுக்கலாம், ஆனால் ரீஃபில்கள் எல்லாம் சேர்ந்து 120 நாள் மருந்தைத் தாண்டக் கூடாது. அதனால் நான்காவது ரீஃபிலோடு முடிந்தது, சீட்டில் ஐந்து என்று எழுதியிருந்தாலும். நியூயார்க்கில் கொடுக்கவே முடியாது. அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துச் சீட்டுக்கு ஆயுள் 30 நாள், இந்த வகை மாத்திரைகளுக்கு ரீஃபிலும் கிடையாது. மத்தியச் சட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர் தடுக்கி விழுவது இந்த மாதிரிக் கேள்வியில்தான்.

கலிபோர்னியா எம்.பி.ஜே.இ.யை ஏற்பதே இல்லை. அதற்குப் பதில் சி.பி.ஜே.இ. 90 கேள்விகள், இரண்டு மணி நேரம். சட்டத் தேர்வு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், நோயாளிக்கு எந்த மருந்து, என்ன அளவு என்ற கேள்விகளும் நிறைய வரும். நேப்ளெக்ஸ் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுவது நல்லது.

மணி நேரத்துக்கு வருவோம். எண்ணைவிட, எந்த மணி கணக்கில் சேரும் என்பதுதான் முக்கியம். கலிபோர்னியாவின் 1500-இல் குறைந்தது 900 மணி மருந்தகத்தில், மருந்தாளுநர் மேற்பார்வையில் இருக்க வேண்டும். கடை, மருத்துவமனை இரண்டும் அதில் வர வேண்டும். கடையில் இடம் கிடைத்துவிடும், மருத்துவமனையில் வெளிநாட்டுப் பட்டதாரியைப் பயிற்சிக்கு எடுக்கத் தயங்குவார்கள். முப்பத்தேழரை வாரம் ஒரு வருடமாக இழுப்பது இதனால்தான். ஃப்ளோரிடாவின் 2080-இல் குறைந்தது 500 அந்த மாநிலத்துக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

என் ஜூனியர் ஏற்கெனவே ஒரு தப்பு செய்திருந்தாள். பயிற்சி பெறுவதற்கான இன்டர்ன் உரிமம் வருவதற்கு முன்பே ஒரு கடையில் டெக்னீஷியனாக நான்கு மாதம் நின்றாள். மருந்தாளுநர் பக்கத்திலேயேதான் இருந்தார், ஆனால் அந்த மணி நேரம் ஒன்றும் கணக்கில் வராது. இன்னொன்று, இன்டர்ன் உரிமம் வேலை செய்ய விசா அனுமதி ஆகாது. இரண்டும் தனித்தனியே கையில் இருக்க வேண்டும். நியூயார்க்கில் ஒரு காலத்தில் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே மருந்தாளுநர் உரிமம் என்று சட்டமே இருந்தது. ஹெச்-1பி போன்ற விசாவில் வேலை பார்த்த மருந்தாளுநர்கள் வழக்குப் போட்டு, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள்.

ஆக அவள் கணக்கு: நியூயார்க் போனால் மிச்சம் 460 மணி நேரம், அதாவது பதினோரு வாரமும் சொச்சமும். அதற்கு விலை தனி வீட்டு வாடகை, நியூயார்க் எம்.பி.ஜே.இ., அப்புறம் கணவரிடம் திரும்பி வரும்போது எப்படியும் சி.பி.ஜே.இ. இருக்கும் ஊரிலேயே இருந்தால் சட்டத் தேர்வு ஒன்றோடு போயிற்று. "அப்போ ஆஸ்பத்திரிதான் தேடணும், இல்லையாக்கா?" என்றாள். ஆமாம், கடைக்கு முன்னாலேயே அதைத் தேடு என்றேன்.