சார்ஜில் சுட்டு அணையும் போன்: அடாப்டரை மாற்றுவதா, பேட்டரியை மாற்றுவதா?

சார்ஜில் இருக்கும்போது போன் கொதித்து, தானாக அணைந்துபோகிறது என்று சொன்னால் நான்கு யோசனைகள் வரும். கவரைக் கழற்று, பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்து, அடாப்டரை மாற்று, பேட்டரியை மாற்று. மூன்று வருடம் ஓடிய என் ஆண்ட்ராய்டு போனுக்கு நான்கையும் செய்து பார்த்து, கடைசியில் பேட்டரியை மாற்றினேன். அதனால் இந்த அலசல் பேட்டரி பக்கம்தான் சாயும். ஆனாலும் எல்லோருக்கும் அதுவே விடை இல்லை. யாருக்கு எது என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியும்.

கவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனுக்குள் விசிறி கிடையாது, சூடு வெளியேறுவது அதன் முதுகு வழியாகவும் திரை வழியாகவும்தான். தடிமனான ரப்பர் கவர் முதுகை மூடிவிடும். என் போனில் கவரோடு 43 டிகிரி காட்டியது, கவரைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் 40க்கு இறங்கியது. மூன்று டிகிரி சின்ன விஷயமில்லை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு, அதை நெருங்கும்போது போனே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். ஆக, கவரைக் கழற்றினால் சார்ஜ் கொஞ்சம் சீக்கிரமும் ஏறும். இலவசமான வைத்தியம், அதைச் செய்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். எனக்கு சூடு குறைந்தது, அணைவது நிற்கவில்லை.

பின்னணி வேலையும் அப்படித்தான். படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றுவது, புது அப்டேட்டுக்குப் பிறகு ஆப்களைச் சீரமைப்பது, சிக்னல் இல்லாத மூலையில் டவரைத் தேடிக்கொண்டே இருப்பது எல்லாம் சார்ஜ் ஏறும் நேரத்தில் கூடுதல் சூட்டைத் தரும். கண்டுபிடிக்க எளிய வழி, ஃபிளைட் மோடில் போட்டு, திரையை அணைத்து அரைமணி நேரம் சார்ஜ் செய்து பார்ப்பது. சூடு காணாமல் போனால் குற்றவாளி ஆப்தான். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போனால் எந்த ஆப் என்று பெயரோடு காட்டும். எனக்கு 40 டிகிரி 38 ஆனது, அவ்வளவுதான்.

எங்கே சுடுகிறது என்று தொட்டுப் பார்ப்பதும் நல்ல துப்பு. பெரும்பாலான போன்களில் கேமராவுக்குப் பக்கத்தில், மேல்பாதியில்தான் பிராசஸர் இருக்கும். அங்கே சுட்டால் ஏதோ வேலை ஓடுகிறது. கீழே கேபிள் செருகும் இடம் மட்டும் சுட்டால் கேபிளோ, போர்ட்டில் அடைத்த தூசியோதான் காரணம். முதுகின் நடுப்பகுதி முழுக்கச் சீராகச் சுட்டால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். என்னுடையது மூன்றாவது வகை.

இனி அடாப்டர். "பெரிய வாட் அடாப்டர் போட்டதால் போன் சுடுகிறது" என்று பலரும் நம்புகிறார்கள். அடாப்டர் மின்சாரத்தைப் போனுக்குள் திணிப்பதில்லை. எவ்வளவு வேண்டும் என்று போன் கேட்கும், இரண்டும் பேசி ஒத்துவந்த அளவுதான் போகும். பேச்சு ஒத்துவராவிட்டால், 65 வாட் என்று அச்சிட்ட அடாப்டரும் சாதாரண 5 வோல்ட்டுக்கு இறங்கி மெதுவாகத்தான் சார்ஜ் செய்யும். அதனால் அடாப்டர் பொருந்தாதபோது பொதுவாக வருவது தாமதம், சூடு அல்ல.

நிஜமாகவே மோசமான அடாப்டர் வேறு மாதிரி காட்டிக்கொடுக்கும். அடாப்டரே கையில் பிடிக்க முடியாதபடி சுடும். சார்ஜ் போட்டால் டச் தாறுமாறாக வேலை செய்யும், ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் எழுத்து விழும். மின்சாரம் சீராக வராமல் நடுங்குவதன் அடையாளம் அது. சார்ஜ் ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது என்று மாறிமாறி வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அதைத் தூக்கிப்போடுங்கள். வீட்டு மின்சாரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அந்தச் சின்ன டப்பா மட்டும்தான். எனக்கு இவை எதுவும் இல்லை. நம்பகமான வேறொரு அடாப்டரும் கேபிளும் வாங்கி வந்து போட்டபோதும் அதே 40 டிகிரி, அதே அணைப்பு.

சரி, எப்படி அணைகிறது? முடிவைத் தீர்மானித்த விஷயம் இதுதான். போன் அணைவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சூட்டுக்காக அணைவது. அதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கை வரும், திரை மங்கும், சார்ஜ் நின்றுவிட்டதாகச் செய்தி காட்டும். ஆறிய பிறகு திறந்தால் பழைய சதவீதமே இருக்கும். மற்றொன்று, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திடீரென்று கருத்துப்போவது. மறுபடி ஆன் செய்தால் சதவீதம் தடாலென்று இறங்கியிருக்கும். என் போன் சார்ஜில் இருக்க, வீடியோ கால் பேசும்போது 34 சதவீதத்தில் அணைந்தது. திறந்தபோது 12. வெப்பநிலை அப்போது வெறும் 41. அந்தச் சூட்டுக்கு எந்தப் போனும் அணையாது. அணைத்தது மின்னழுத்தச் சரிவு.

பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்ந்து அதன் உள்தடை ஏறுவதைத்தான் அதிகம் பேசுவதில்லை. மின்னோட்டம் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அந்தத் தடையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே போகும்போது அது சூடாக மாறுகிறது, வெளியே வரும்போது மின்னழுத்தத்தை இழுத்துக் கீழே விடுகிறது. சூடும் அணைப்பும் ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள்.

அதை வீட்டிலேயே அளக்கலாம். பேட்டரியின் வோல்ட்டையும் மில்லி ஆம்பியரையும் காட்டும் ஆப் ஒன்று போதும். 35 சதவீதம் வாக்கில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, சும்மா இருக்கும்போது எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 3.74 வோல்ட், 0.2 ஆம்பியர். அப்புறம் திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஃபிளாஷை எரியவிட்டு வீடியோ பதிவைத் தொடங்குங்கள். எனக்கு 3.39 வோல்ட், 1.7 ஆம்பியர். மின்னோட்டம் 1.5 ஆம்பியர் கூடியதற்கு 0.35 வோல்ட் விழுந்திருக்கிறது. 0.35ஐ 1.5ஆல் வகுத்தால் வருவதுதான் உள்தடை, சுமார் 0.23 ஓம். ஆப் காட்டும் எண்கள் ஆய்வகத் துல்லியம் அல்ல, ஆனால் இவ்வளவு பெரிய சரிவைக் காட்ட அது போதும். பேட்டரி மாற்றிய பிறகு இதே சோதனையில் 0.1 வோல்ட்தான் விழுந்தது, அதாவது சுமார் 0.07 ஓம்.

இதைச் சூட்டுக்கு மாற்றிப் பாருங்கள். தடையில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. வேகச் சார்ஜில் 3 ஆம்பியர் போகிறது என்று வைத்தால், பழைய பேட்டரிக்குள் மட்டும் 9 × 0.23, ஏறக்குறைய 2 வாட் சூடு. புதியதில் 0.6 வாட். விசிறி இல்லாத ஒரு மெல்லிய பெட்டிக்கு இந்த வித்தியாசம் பெரிது. சார்ஜ் ஏற்றும் சில்லும் பிராசஸரும் தரும் சூடு இதற்கு மேல் தனி.

இந்தக் கணக்கே எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் தருகிறது. மின்னோட்டத்தை 3 ஆம்பியரிலிருந்து 1க்குக் குறைத்தால் சூடு ஒன்பதில் ஒரு பங்காகும். பழைய 5 வாட் அடாப்டரில் போட்டால், களைத்த பேட்டரிகூடக் குளுமையாக ஏறும். எனக்கும் 35 டிகிரியைத் தாண்டவில்லை. இரவில் மட்டும் சார்ஜ் போட்டு, அந்த நேரம் போனைத் தொடாதவர்களுக்கு இது உண்மையிலேயே போதுமான தீர்வு. ஆனால் சார்ஜில் வைத்தபடி வீடியோ கால் பேசினால் கதை மாறும். போன் அந்த நேரம் 6 வாட் கேட்கலாம், அடாப்டர் தருவது ஐந்துக்கும் குறைவு. மீதியைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். கேமரா, திரை, டேட்டா மூன்றும் ஒரே நொடியில் இழுக்கும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து, சார்ஜர் செருகியிருக்கும்போதே போன் அணைந்துவிடும். மெதுவான அடாப்டர் சூட்டைத் தீர்த்தது, அணைவதை அடிக்கடியாக்கியது. வேலைக்குப் போனை நம்பியிருப்பதால் அது எனக்கு ஒத்துவரவில்லை.

ஐபோனில் இந்த அளவீட்டை நான் செய்து பார்த்ததில்லை. அங்கே செட்டிங்ஸின் பேட்டரி பகுதியிலேயே கொள்ளளவு சதவீதம் வரும். திடீர் அணைப்பு நடந்து, உச்ச வேகத்தைக் குறைத்திருந்தால் அதையும் எழுதிக் காட்டும். அந்த வாசகம் வந்திருந்தால் மேலே சொன்ன சோதனைக்கே அவசியமில்லை.

எப்போது பேட்டரி வேண்டாம் என்பேன்? வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத போன் இப்படிச் செய்தால் உத்தரவாதத்தில் கொடுங்கள், நீங்களாக எதையும் திறக்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன, திரையும் விரிசல் விட்ட போனுக்கு மெதுவான அடாப்டரே போதும். மேலே சொன்ன சோதனையில் சரிவு 0.1, 0.15 வோல்ட்டுக்குள் இருந்தாலும் பேட்டரியை விட்டுவிட்டு ஆப்பையும் கேபிளையும் பாருங்கள். ஆனால் முதுகு மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ, திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது ஒப்பீடெல்லாம் கிடையாது. சார்ஜ் போடாமல், அழுத்தி மூடப் பார்க்காமல், அப்படியே கொண்டுபோய் மாற்ற வேண்டும்.

மாற்றுவதிலும் சிக்கல்கள் உண்டு. அதே அளவுள்ள பேட்டரியில் அசலைவிட அதிக மில்லி ஆம்பியர் மணி அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். லேபிளில் தயாரிப்புத் தேதி இருந்தால் பாருங்கள், வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தது புதிதாக இருந்தும் பழசுதான். மூடியைத் திறந்து ஒட்டினால், தண்ணீர் புகாத தன்மையை முன்பு போல நம்ப முடியாது. மாற்றித் தந்த அன்றே அந்த வீடியோ சோதனையை மறுபடி செய்துவிடுங்கள். சரிவு பழையபடியே இருந்தால், பில் கையில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம்.