கடை இடம் மாறியபோது காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதம்: சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

எங்கள் ஹார்டுவேர் கடை வேறு கட்டடத்துக்கு மாறியபோது, தீ மற்றும் திருட்டுக் காப்பீட்டு பாலிசியில் புதிய முகவரியைப் பதிவு செய்யக் கோரி எழுதிய கடிதமும், அதற்கு மறுமொழியாக, மாற்றத்தைப் பாலிசியில் பதிவு செய்து நிறுவனம் அனுப்பிய இணைப்பு ஆவணமான என்டார்ஸ்மென்டும் இரண்டு புதுப்பித்தல்களைத் தாண்டிவிட்டன. அந்தக் கடிதத்தின் எந்தப் பகுதி உண்மையில் பயன்பட்டது என்பதை இப்போது சொல்ல முடிகிறது.

பாலிசியில் இரண்டு முகவரிகள் இருக்கும். ஒன்று தபால் முகவரி. மற்றொன்று, சரக்கு எந்தக் கட்டடத்தில் இருக்கும்போது காப்பீடு செல்லும் என்பதைக் குறிக்கும் இடர் அமைவிடம். தீ காப்பீடு பொதுவாக அந்தக் கட்டடத்தோடு பிணைந்தது. சரக்கை வேறிடத்துக்கு மாற்றி, நிறுவனத்தின் ஒப்புதல் பாலிசியில் ஏறும் முன் விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். எனவே "முகவரி மாற்றம்" என்று மட்டும் எழுதினால் போதாது. கடிதத்தில் நாங்கள் எழுதிய வாசகம் இது: "மேற்கண்ட பாலிசியின் தீ, திருட்டு ஆகிய இரு பிரிவுகளிலும் இடர் அமைவிடத்தைக் கீழ்க்காணும் முகவரிக்கு மாற்றி, சரக்கு இடம்பெயரும் நாள்களில் பழைய, புதிய இரண்டு இடங்களுக்கும் காப்பீடு தொடருமாறு என்டார்ஸ்மென்ட் வழங்கக் கோருகிறோம்."

இவ்வளவு தெளிவாக எழுதியும், முதலில் வந்த என்டார்ஸ்மென்டில் தபால் முகவரி மட்டுமே மாறியிருந்தது. உறையைப் பிரித்ததும் கோப்பில் சொருகிவிடாமல், அட்டவணையை வரிவரியாகப் படித்ததால் அது தெரிந்தது. கடிதத்தின் பிரதியில் பெறப்பட்டதற்கான முத்திரையும் தேதியும் இருந்ததால், வாக்குவாதமின்றித் திருத்தம் வந்தது. இரண்டு இடங்களுக்கும் காப்பீடு இருந்தாலும், நடுவே வண்டியில் செல்லும் சரக்குக்கு அது பொருந்தாது. அதற்கான போக்குவரத்துக் காப்பீட்டைத் தனியாக எடுத்தோம்.

சரக்கு விவரத்தில் தொகையைப் போலவே தன்மையும் முக்கியம். புதிய கடையில் பெயின்ட்டும் தின்னரும் சேர்ந்திருந்தன. எளிதில் தீப்பற்றும் பொருள்கள் என்பதால் பிரீமியம் உயரும் என்று தெரிந்தே, அவை எந்த அறையில், ஏறத்தாழ எந்த அளவில் இருக்கும் என்று குறிப்பிட்டோம். கூடுதல் பிரீமியம் கேட்டார்கள், கட்டினோம். "ஹார்டுவேர் பொருள்கள்" என்ற பழைய விவரிப்பையே வைத்திருந்தால், தீ விபத்துக்குப் பின் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கைவைக்கும் இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

தொகையை விற்பனை விலையில் அல்லாமல் கொள்முதல் விலையில், அதுவும் ஆண்டில் சரக்கு மிகுந்திருக்கும் மாதத்தை வைத்துக் கணக்கிட்டோம். இதற்குக் காரணம் சராசரி விதி. காப்பீட்டுத் தொகை 20 லட்சமாக இருக்க, விபத்தன்று கடையில் 25 லட்சத்துக்குச் சரக்கு இருந்து, அதில் 5 லட்சத்துக்கு மட்டும் சேதம் நேர்ந்தால், அந்த விதியின்படி கிடைப்பது 4 லட்சமே. மீதி ஒரு லட்சம், குறைத்துக் காப்பீடு செய்ததற்காக நம் தலையில் விழும். முதல் புதுப்பித்தலுக்குள் எங்கள் சரக்கு கணக்கிட்டதைவிடப் பெருகியதால், தொகையை உயர்த்தக் கோரி இடையில் மற்றொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பாதுகாப்பு விவரத்தை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. பழைய வளாகத்தில் இரவுக் காவலர் இருந்தார்; புதிய கடை தனிக் கட்டடம், காவலர் இல்லை. மேம்பட்டவற்றை மட்டும் எழுதி இதை விட்டுவிடும்படி தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது சரியான யோசனையாக எனக்குப் படவில்லை. காவலர் இருப்பார் என்ற பழைய நிபந்தனை திருட்டுப் பிரிவில் அப்படியே நின்றிருந்தால், அதுவே இழப்பீட்டுக்குக் குறுக்கே வந்திருக்கும். ஆகவே, இனிக் காவலர் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, முன்புற ஷட்டரின் இரு பக்கப் பூட்டு, நடுப் பூட்டு, பின்கதவின் இரும்பு கிரில், அலாரம், சிசிடிவி, அதன் பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படும் என்பவற்றை எழுதினோம். "எப்போதும்", "இடைவிடாமல்" போன்ற சொற்களைத் தவிர்த்தோம். பாலிசியில் ஏறும் வாக்குறுதி நிபந்தனையாக மாறக்கூடும், கேமரா ஓரிரவு பழுதானாலும் அது மீறலாகப் பேசப்படும். நேரில் ஆய்வுக்கு வந்தவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

சரக்கின் பேரில் வங்கிக் கடன் இருந்ததால், கடிதத்தின் நகலை வங்கிக்கும் அனுப்பி, பாலிசியில் வங்கியின் பெயர் தொடர வேண்டும் என்றும் குறிப்பிட்டோம். வாடகை ஒப்பந்தம், கொள்முதல் கணக்குச் சுருக்கம், பூட்டுகளும் கிரில்லும் தெரியும் படங்கள் ஆகியவற்றை இணைத்தது மேலும் கேள்விகள் வராமல் தடுத்தது.

இரண்டாம் புதுப்பித்தலில் தீப் பிரிவில் புதிய முகவரியும், திருட்டுப் பிரிவில் பழைய முகவரியும் அச்சாகி வந்தன. என்டார்ஸ்மென்ட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதியதும் திருத்தினார்கள். இப்போது புதுப்பித்தல் விண்ணப்பத்துடனேயே என்டார்ஸ்மென்டின் நகலை இணைத்து அனுப்புகிறோம்.