மூன்று கல் துண்டும் ஒரு தேசிக்காயும்

கொக்குவிலில் அம்மாவின் சமையல்மேடை மாபிளாகத்தான் இருக்க வேண்டும் என்று லண்டனிலிருந்து தங்கை தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரொறொன்ரோவில் என் வீட்டில் இருப்பது குவார்ட்ஸ் என்பதால் நான் அதன் பக்கம். அம்மா "கறுப்புக் கல்லே போதும்" என்று ஒருமுறை சொன்னார். இருவருமே காதில் வாங்கவில்லை.

காங்கேசன்துறை வீதியில் ஒரு கல் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணை விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெட்டில் மிஞ்சிய உள்ளங்கை அகலத் துண்டுகளில் மூன்று வகையிலும் ஒவ்வொன்றைப் பையில் போட்டுத் தந்து, "மூன்று நாள் இதன்மேல் வைத்துச் சமையுங்கள் தம்பி, பிறகு பேசுவோம்" என்றார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை அதுதான்.

முதல் நாளே மாபிள் தோற்றது. சம்பலுக்குப் பிழிந்த பாதித் தேசிக்காயை வெட்டிய பக்கம் கீழாக வைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பளபளப்பு போய் வட்டமாக ஒரு மங்கல். இது கறையன்று. மாபிளும் நம் கிணற்றடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் ஒரே பொருள், கல்சியம் காபனேற்று. புளிப்பு எதுவானாலும் அதைக் கரைக்கும். மேலே பூசும் காப்புப் பூச்சு எண்ணெய் ஊறுவதைத் தாமதப்படுத்தும். புளிப்பு அரிப்பதைத் தடுக்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குழாயடியில் விடுகிற வெள்ளைப் படிவும் அதே பொருள்தான். வினாகிரி ஊற்றி அதைக் கழுவினால், படிவோடு மாபிளும் சேர்ந்து கரையும். தேசிக்காயும் புளியும் நாள் தவறாமல் புழங்கும் வீட்டுக்கு இது எப்படிச் சரிவரும்?

மற்ற இரண்டுக்கும் தேசிக்காய் ஒன்றும் செய்யவில்லை. அடுத்து, நல்லெண்ணெயில் மஞ்சள் குழைத்து மூன்றிலும் தடவி இரவு முழுவதும் விட்டேன். காலையில் மாபிளில் மஞ்சள் ஊறியிருந்தது. வெள்ளைக் குவார்ட்ஸில் மிக மெல்லிய சாயல் மட்டும். வெயிலில் வைத்ததும் அதுவும் வெளுத்தது. கறுப்புக் கிரனைட்டில் தேடியும் எதுவும் தெரியவில்லை. ஆனால் எல்லாக் கிரனைட்டும் இப்படியல்ல. வாங்குமுன் கல்லில் சிறிது தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். அந்த இடம் நிறம் கறுத்தால் எண்ணெயும் அப்படியே இறங்கும்; காப்புப் பூச்சு அவசியம். கறுப்பில் இந்தக் கறுப்பு தெரியாதென்பதால் சாம்பல் நிறக் கல்லில்தான் சோதனை எளிது.

சூட்டுக்குக் குவார்ட்ஸைச் சோதிக்கவே தேவையில்லை. என் ரொறொன்ரோ மேடையில் சாட்சி இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புத் தாச்சியை ஒருமுறை நேரே வைத்த இடத்தில் மஞ்சள் வளையம். எதைத் தேய்த்தாலும் போகாது. குவார்ட்ஸ் தூளை ஒட்டவைப்பது பிசின். தூளின் பங்கு 90 சதவீதம் அளவில் இருந்தாலும், சூட்டில் முதலில் கெடுவது அந்தப் பிசின்தான். 150 பாகை செல்சியஸ் அளவிலேயே அது நிறம் மாறத் தொடங்கும்; வடை பொரிக்கும் எண்ணெய் அதற்கு மேல். ஓரிடம் மட்டும் சட்டென்று சூடேறி விரிந்தால் வெடிக்கவும் கூடும். கிரனைட் பாறைக் குழம்பு உறைந்து உண்டானது. அதற்குத் தாச்சிச் சூடு பெரிதல்ல. அம்மா வென்றார்.

கறுப்புக் கிரனைட்டுக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கல் வந்த அன்று அது லாண்ட்மாஸ்டர் பெட்டியில் படுக்கையாகக் கிடந்தது. சிங்க்குக்கு வெட்டிய இடத்தின் முன்னால் நான்கு விரல் அகலப் பட்டைதான் மிஞ்சியிருக்கும். குலுங்கும் பாரம் முழுவதும் அந்தப் பட்டையில்தான் விழும். நிறுத்தி, மரச்சட்டத்தில் சாய்த்துக் கட்டித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். நினைத்தபடியே சிங்க்கின் மூலையிலிருந்து ஒரு மயிரிழைக் கோடு.

"அது கல்லில் இயற்கையாக உள்ள ரேகை" என்றார் வண்டியோடு வந்தவர். நகத்தால் குறுக்கே கீறினேன், தடக்கியது. தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். சுற்றிலும் காய்ந்த பின்னும் கோடு மட்டும் ஈரமாக நின்றது. ரேகையென்றால் பெரும்பாலும் நகம் வழுக்கிப் போகும். அத்துடன் அந்த மூலையைச் செங்கோணமாக அறுத்திருந்தார்கள். கூரிய மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். முதலில் நான்கு மூலையிலும் துளையிட்டு, துளைக்குத் துளை அறுத்தால் மூலை வளைவாக அமைந்துவிடும்.

அண்ணையிடம் படத்தைக் காட்டினேன். வாதிடவில்லை. புதிய கல் ஐந்தாம் நாள் நின்றபடி வந்தது, மூலைகள் வளைவாக. மேசன் சிங்க்கின் இரு பக்கமும் அடியில் தாங்கு சுவர் எழுப்பியிருந்தார்.

இப்போதும் அம்மா தாச்சியைப் பனையோலைத் திருகணையின் மேல்தான் வைக்கிறார். மாபிள் துண்டு ரொட்டி தட்டுவதற்கு அவரிடமே தங்கிவிட்டது. மா ஒட்டாமல் குளிர்ச்சியாக இருக்கிறதாம். தங்கையிடம் அதை மட்டும் சொன்னேன்.