கார் லைசென்ஸுக்கு "எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகை சொல்கிறார்களா? 14,500 ரூபாய் விட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது, கோபத்தில்தான். மதுரையில் கார் ஓட்டப் பழக டிரைவிங் ஸ்கூல் தேடுகிறவர்கள், முக்கியமாக அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெயர் போட மாட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் ஓர் அறையும் ஒரு பழைய காரும் வைத்து நடத்துகிற சின்ன ஸ்கூல், அவ்வளவுதான் சொல்வேன்.

ஸ்கூல்காரர் பேச்சில் ஆளைக் கட்டிப்போடுவார். என் மாமனார் பெயரைச் சொன்னதும், "அட, நம்ம வீட்டுப் பிள்ளையா நீங்க, உக்காருங்கம்மா" என்று டீ வரவழைத்தார். அப்புறம் தன் விசிட்டிங் கார்டைத் திருப்பி, பின்பக்கம் 9,500 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "எல்.எல்.ஆர்., கிளாஸ், டெஸ்ட், லைசென்ஸ் எல்லாம் இதுக்குள்ள. ஒத்த ரூபா மேல வராது." ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள என்னம்மா ரசீது" என்று சிரித்தார். அந்த வட்டம் போட்ட கார்டு மட்டும்தான் இன்றைக்கு என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம்.

கிளாஸில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு காரில் நாலு பேர். ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஸ்டியரிங், மீதி நேரம் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை. மேலூர் ரோட்டில் போய் யு-டர்ன் போட்டுத் திரும்பினால் அன்றைய கிளாஸ் முடிந்தது. மோட்டார் வாகன விதிப்படி சொந்தக் காருக்கான பயிற்சி குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும், அதில் நாமே ஓட்டுகிற நேரம் குறைந்தது 10 மணி. எனக்கு எல்லாம் கூட்டினால் நாலு மணி தேறாது. அரசுக் கட்டணத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன். அந்த விலைக்கு மீனாட்சியம்மன் தேரையே ஓட்டப் பழகியிருக்கலாம்.

இன்னொன்று. ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். சொல்லிக்கொடுக்க வந்த பையன் கால் எப்போதும் அந்தக் கிளட்ச் மேலேயே இருந்தது. வண்டி வெண்ணெய் மாதிரி கிளம்பும், "சூப்பர்க்கா" என்பான். டெஸ்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது அந்தக் கால் இல்லை. வண்டி பின்னால் உருண்டது, அணைந்தது, ஃபெயில். உங்களுக்கு அப்படி நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் பாதத்தைப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு காலையும் சீட்டுப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒருமுறை வண்டியைக் கிளப்பிப் பாருங்கள்.

இப்போது பணம் எப்படி ஏறியது என்று சொல்கிறேன். டெஸ்ட் அன்று காலையில் வாசலிலேயே, "வண்டி வாடகை 800 எடுத்து வைங்க." எல்லாம் சேர்த்துதானே அண்ணே என்றால், "கிளாஸுக்கு வண்டி சேரும்மா, டெஸ்டுக்குத் தனி." ஃபெயிலானதும், "ரீடெஸ்டுக்கு 2,500, உள்ள கவனிக்கணும்ல." கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஆட்டம் காட்டினார்கள். ஒரு நாள் சர்வர் டவுன், ஒரு நாள் ஸ்லாட் இல்லை, ஒரு நாள் இன்ஸ்பெக்டர் லீவு, இன்னொரு நாள் போனை எடுத்து "நானே கூப்பிடுறேன் தாயி" என்று வைத்தவர் கூப்பிடவே இல்லை. இதற்குள் எல்.எல்.ஆர். காலாவதி. அது ஆறு மாதம்தான் செல்லும். முதல் டெஸ்டுக்கே கடைசி மாதம் வரை இழுத்தடித்தது அவர்கள்தான். "அதுக்கென்ன, புதுசா போட்டுக்கலாம், 1,700 கொடுங்க."

9,500, 800, 2,500, 1,700. பதினாலாயிரத்து ஐந்நூறு. லைசென்ஸ் இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி என் தம்பி அப்ளிகேஷன் நம்பரையும் என் பிறந்த தேதியையும் sarathi.parivahan.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தான். அங்கே கட்டண ரசீது இருக்கிறது. பார்த்ததும் வயிறு எரிந்தது. எல்.எல்.ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டும் டெஸ்டுக்கு 300, லைசென்ஸுக்கு 200. மொத்தம் 700, அதோடு சேவைக் கட்டணம் என்று கொஞ்சம். பைக்கும் சேர்த்து எடுப்பவர்களுக்கு எல்.எல்.ஆரில் ஒரு 150, டெஸ்டில் ஒரு 300 கூடும். ரீடெஸ்டுக்கு அரசு வாங்குவது மறுபடி அதே 300, என்னிடம் வாங்கியது 2,500. அதைவிடக் கொடுமை, அந்த ரீடெஸ்டுக்குப் பணமே கட்டவில்லை, ஸ்லாட்டே போடவில்லை. அப்ளிகேஷனில் என் செல் நம்பருக்குப் பதிலாக ஸ்கூல் நம்பர். ஓடிபி, தேதி, மெசேஜ் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. அதனால்தான் சர்வர் டவுன் என்று வாய் கூசாமல் சொல்ல முடிந்திருக்கிறது.

இன்று காலை நேரில் போய்க் கேட்டேன். ஆள் எழுந்திருக்கக்கூட இல்லை. "கிளாஸ் எடுத்தாச்சு, டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு, நீங்க ஓட்டலைன்னா நான் என்ன பண்றது? வேணும்னா கேஸ் போடுங்க." நம்ம வீட்டுப் பிள்ளை என்றவர் இவர்தான். டீயும் இல்லை.

பட்ஜெட் எப்படிப் போடுவது என்று நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. அரசுக் கட்டணத்தைத் தனியாக ஒதுக்கி, உங்கள் போனில் உங்கள் நம்பரைப் போட்டு நீங்களே கட்டுங்கள். ஸ்கூலுக்குக் கிளாஸ் பணம் மட்டும், அதையும் நாள் கணக்கில் பேசாமல் ஸ்டியரிங் பிடிக்கிற மணிக்கணக்கில் பேசி, பாதி ஓட்டிய பிறகு மீதி என்று கொடுங்கள். டெஸ்ட் வண்டி வாடகையை முதல் நாளே எழுதி வாங்குங்கள். லைசென்ஸ் இருக்கிற சொந்தக்காரர் கார் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தும் வந்தால், எல் போர்டு மாட்டி, இன்சூரன்ஸும் புகைச் சான்றும் சரிபார்த்து அதிலேயே டெஸ்டுக்குப் போகலாம், வாடகை மிச்சம். ஒரு ரீடெஸ்டுக்கு 300-ம், அதற்கு முன் இரண்டு மணி நேரக் கூடுதல் பயிற்சிக்கான பணமும் ஆரம்பத்திலேயே எடுத்து வையுங்கள்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். வந்து 30 நாள் ஆனதும் டெஸ்டுக்குப் போகலாம், ஃபெயிலானால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது மாதமே முதல் டெஸ்டுக்குப் போய்விட்டால் எல்.எல்.ஆர். முடிவதற்குள் திரும்பப் போக இடம் இருக்கும். ஐந்தாவது மாதம் வரை யாராவது "பாத்துக்கலாம்மா" என்றால் புது எல்.எல்.ஆருக்கு உங்கள் பையில் கை விடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

கார்டை உடனே கையில் வாங்கித் தருகிறேன் என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது இப்போது தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. அட்ரஸ் மட்டும் சரியாக இருக்கட்டும்.

நான் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். அந்த ஸ்கூலில் பணம் கட்டி ரசீது இல்லாமல் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே உங்கள் அப்ளிகேஷன் நம்பரைப் போட்டு, எந்த செல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.